வாழைப்பழம், சாம்பல் வாழைக்காய்: இரண்டும் பெர்ரி என்றால் வித்தியாசம் எங்கே?

வாழைப்பழம் தாவரவியல்படி பெர்ரி வகையா என்று கேட்டால், ஆம். சாம்பல் வாழைக்காயும் அதே பெர்ரிதான். ஆகவே வெள்ளவத்தைச் சந்தையில் இரண்டு சீப்புகளுக்கு முன்னால் நின்று எதைக் கறிக்கு வாங்குவது என்று யோசிப்பவருக்கு இந்த விடை மட்டும் போதாது. எங்கள் வீட்டில் கறிக்குச் சாம்பல் வாழைக்காய், சாப்பிடக் கோழிக்கூட்டு என்று முடிவெடுத்துவிட்டோம். விலை குறைவாகக் கிடைக்கிறது என்று பச்சைக் கதலியைக் கறிக்கு வாங்குவதை விட்டுவிட்டேன். ஏன் என்று சொல்வதற்கு முதலில் பெர்ரி விஷயத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு பூவில் உள்ள ஒரே சூலகம் முழுவதும் சதையாகி, உள்ளே கல் போன்ற ஓடு இல்லாமல், சதைக்குள்ளேயே விதைகள் கிடந்தால் அது பெர்ரி. தக்காளி, கத்தரிக்காய், திராட்சை எல்லாம் இந்த வகை. மாங்காய் இல்லை, அதன் நடுவில் கெட்டியான கொட்டை ஓடு இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து வரும் ஸ்ட்ரோபெரியும் இல்லை. அதில் நாம் தின்னும் சிவப்புச் சதை பூவின் அடித்தளம் வீங்கியது, மேலே ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன மணிகள்தான் அதன் உண்மையான கனிகள்.

வாழைப்பழத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நன்கு பழுத்த ஒன்றைத் தோலுரித்து, நுனியின் நடுவில் விரலை வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். பழம் நீளவாக்கில் மூன்று துண்டாகப் பிரியும். சூலகம் மூன்று அறைகளால் ஆனது என்பதற்கு அதுவே சாட்சி. ஒவ்வொரு துண்டின் உள் ஓரத்திலும் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அவை விதையாக வளராமலே நின்றுபோன சூல்கள். நாம் சாப்பிடும் வாழை மகரந்தம் சேராமலே காய்க்கிறது. பெரும்பாலான ரகங்களில் மரபுத் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் விதை உருவாவதும் அரிது. சீனி வாழையில் மட்டும் எப்போதாவது பல்லில் ஒரு கறுப்பு விதை கடிபடும். அந்த ரகம் வளமான மகரந்தம் கிடைத்தால் விதை பிடிக்கக்கூடியது.

ஒரு சின்னத் திருத்தமும் சொல்ல வேண்டும். தக்காளியின் சூலகம் பூவிதழ்களுக்கு மேலே இருக்கிறது, அதனால் பச்சை இதழ்கள் காம்புப் பக்கம் தங்குகின்றன. வாழையில் சூலகம் கீழே இருக்கிறது, பூ அதன் நுனியில் விரிகிறது. காயின் நுனியில் காய்ந்து கறுத்துக் கிடப்பது அந்தப் பூ இருந்த இடம். கொய்யாவிலும் இதே அமைப்புதான். இப்படிப்பட்ட கனியின் தோலில் சூலகச் சுவரோடு வேறு பூத்திசுவும் சேர்ந்திருப்பதால், கறாரான சிலர் இதைப் போலி பெர்ரி என்று தனியாக வைக்கிறார்கள். எனக்கு அது தேவையற்ற பிடிவாதமாகப் படுகிறது. சதை, சூல், ஓடில்லாத நடுப்பகுதி எல்லாம் பெர்ரிக்கு உரியவையே.

சாம்பல் வாழைக்காயைக் குறுக்கே வெட்டினாலும் அதே மூன்று அறைகள், அதே சூல்கள். கனியின் வகையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அப்படியானால் இனத்தை வைத்துப் பிரிக்கலாமா? லின்னேயஸ் அதைத்தான் செய்து பார்த்தார். 1753ல் சமைக்கும் வாழைக்கு மூசா பாரடிசியாகா என்றும், 1759ல் பழமாகத் தின்னும் வாழைக்கு மூசா சேபியென்டம் என்றும் பெயர் வைத்தார். இரண்டுமே தனி இனங்கள் இல்லை, மூசா அக்யூமினாட்டா, மூசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டு வாழைகளின் கலப்பு என்பது பிறகு தெரியவந்தது. இந்த இரண்டு காட்டு வாழைகளும் இலங்கையிலும் வளர்கின்றன. அவற்றின் காய்களில் சதையைவிடக் கெட்டி விதைகளே அதிகம்.

1955ல் சிம்மன்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் ஒரு வாழையில் எந்தக் காட்டு வாழையின் பங்கு எவ்வளவு என்று மதிப்பிடப் பதினைந்து அடையாளங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் ஒன்று சூல்களின் வரிசை. அக்யூமினாட்டாவில் ஒவ்வோர் அறையிலும் இரண்டு ஒழுங்கான வரிசைகள், பால்பிசியானாவில் ஒழுங்கில்லாத நான்கு வரிசைகள். இந்தக் கணக்கில் ஆனைவாழை முழுக்க அக்யூமினாட்டா. கோழிக்கூட்டும், சிங்களத்தில் அம்புல் என்று கேட்டு வாங்கும் கதலியும் இரண்டு பங்கு அக்யூமினாட்டா, ஒரு பங்கு பால்பிசியானா. சாம்பல் வாழையில் அது தலைகீழ், பால்பிசியானாதான் இரண்டு பங்கு.

சரி, பால்பிசியானா கூடினால் கறிக்காய், குறைந்தால் பழம் என்று முடித்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. கேரளத்தில் சிப்ஸ் போடும் நேந்திரன் இருக்கிறதே, அதன் பங்கு கோழிக்கூட்டின் பங்கேதான்: அக்யூமினாட்டா இரண்டு, பால்பிசியானா ஒன்று. வகைப்பாட்டுக்காரர்கள் உண்மையான சமையல் வாழை என்று சொல்வது நேந்திரனையும் மேற்கு ஆபிரிக்காவின் நீண்ட கொம்பு வாழைகளையும்தான். நம் சாம்பல் வாழை அந்தக் குழுவிலேயே இல்லை, பக்கத்துக் குழு. ஆனாலும் சட்டியில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. அதற்குக் காரணம் மாப்பொருள்.

பச்சையாக இருக்கும்போது எல்லா வாழைக்காயிலும் மாப்பொருள் நிறைய உண்டு. தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் மிச்சத்தில் முக்கால் பங்கு அளவுக்கு மாப்பொருளே. பழுக்கத் தொடங்கியதும் காயிலிருந்து எதிலீன் வாயு வெளியேறுகிறது, நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக உடைக்கின்றன. ஆனைவாழை மாதிரியான பழ ரகங்களில் இந்த வேலை சில நாட்களிலேயே முடிந்து, கடைசியில் மாப்பொருள் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்குதான் மிஞ்சும். சமையல் ரகங்களில் அது மெதுவாக நடக்கும், தோல் மஞ்சளான பிறகும் கணிசமான மாப்பொருள் உள்ளே நிற்கும். ஈரத்திலும் வித்தியாசம் உண்டு. பழுத்த வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர், நேந்திரன் வகையில் மூன்றில் இரண்டு பங்கு அளவு.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மருந்துக்கடையில் புண்ணுக்குப் பூச விற்கும் மண்ணிற அயடீன் கரைசலில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து, வெட்டிய துண்டின் மேல் சில துளி விடுங்கள். மாப்பொருள் இருக்கும் இடம் கருநீலமாகும். நான் நான்கு துண்டுகளை ஒரே தட்டில் வைத்தேன். பச்சைச் சாம்பல் வாழையும் பச்சைக் கதலியும் முழுக்கக் கறுத்தன, வித்தியாசமே சொல்ல முடியவில்லை. புள்ளி விழுந்த கோழிக்கூட்டில் துளி மண்ணிறமாகவே நின்றது. மஞ்சளான சாம்பல் வாழையோ திட்டுத் திட்டாகக் கறுத்தது. துளி விட்ட துண்டுகளைச் சாப்பிடக் கூடாது, எறிந்துவிடுங்கள்.

அந்தத் தட்டில் கதலிக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாததுதான் முக்கியம். வாங்கிய அன்றே சமைப்பதானால் பச்சைக் கதலியும் கறிக்குச் சரிதான். கொழும்பில் அப்படி எத்தனை பேரால் முடியும்? வேலை முடிந்து சனிக்கிழமை வாங்கி, செவ்வாய் புதன் வரைக்கும் வைத்துச் சமைக்கிறோம். கதலி கடைக்கு வரும்போதே பழுக்கும் தறுவாயில் இருக்கும். சீப்பில் ஒரு காய் தொடங்கினால் அதன் எதிலீன் மற்றவற்றையும் இழுத்துவிடும். தோல் இன்னும் பச்சையாகத் தெரியும்போதே உள்ளே சீனி ஏறியிருக்கும். அதைப் பால்கறி வைத்தால் துண்டுகளின் ஓரம் கரைந்து, பால் கொழகொழத்து, புளி விட்ட பிறகும் ஓர் இனிப்பு நாக்கில் நிற்கும். சாம்பல் வாழைக்காய்க்குள்ளே மாப்பொருள் அப்படியே காத்திருக்கிறது. சூடு ஏறும்போது அது தண்ணீரை உறிஞ்சி வீங்கி, துண்டை மெதுவாக்கினாலும் உருவத்தை விடாது. ஒரே சீப்பில் சனிக்கிழமை ஒரு பொரியல், புதன்கிழமை ஒரு பால்கறி என்று இரண்டு வேளை வருகிறது. எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

அதை வைத்திருக்கவும் முறை உண்டு. பிரிட்ஜில் வைக்காதீர்கள். 13 பாகைக்குக் கீழே குளிர் பட்டால் வாழையின் தோல் கறுத்துவிடும். நிழலில், காற்றுப் படும் இடத்தில், மாம்பழமும் தக்காளியும் இருக்கும் கூடையிலிருந்து தள்ளி வையுங்கள். அவற்றின் எதிலீன் இதையும் பழுக்க வைக்கும். வெட்டும்போது கையில் தேங்காயெண்ணெய் தடவி, துண்டுகளை மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் உடனே போட்டால் கறையும் ஒட்டாது, கறுக்கவும் செய்யாது.

நீரிழிவுக்காரருக்குச் சாம்பல் வாழைக்காய் எவ்வளவும் சாப்பிடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பச்சைக் காயின் மாப்பொருள் எளிதில் செரிக்காது என்பது உண்மை. அவித்ததும் அந்தத் தன்மையில் பெரும்பகுதி போய்விடும், மாப்பொருள் கடைசியில் குளுக்கோசாகத்தான் உடையும். சோற்றோடு சேரும் இன்னொரு மாப்பொருளாகவே அதை எண்ண வேண்டும்.

பழமாகத் தின்னச் சாம்பல் வாழை போட்டியிலேயே இல்லை. அங்கே கோழிக்கூட்டுதான், அதிலும் தோல் மெல்லிசாகிப் புள்ளி விழுந்த பிறகு. தோல் மெலிவதற்கும் காரணம் சீனிதான், சதையில் சீனி கூடக் கூடத் தோலிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கிறது. நேந்திரனை நான் அபூர்வமாகத்தான் சமைத்திருக்கிறேன். சிப்ஸுக்கு அது சாம்பலைவிட மேல் என்று அந்தச் சில தடவைகளில் பட்டது. கறிக்கு எப்படி என்று அடித்துச் சொல்லும் அளவு அனுபவம் எனக்கில்லை.

கடையில் சாம்பல் வாழைக்காயைத் தெரிவு செய்யும்போது பட்டைகளைப் பாருங்கள். முற்றாத காயில் மூலைகள் கூராக நிற்கும், சதை குறைவு. நன்கு முற்றியதில் மூலைகள் மழுங்கி, இடைவெளி நிரம்பியிருக்கும், மேலே சாம்பல் படலம் தெரியும். பச்சையின் நடுவே வெளிர்மஞ்சள் கோடு ஓடத் தொடங்கிவிட்டால் அன்றே சமைக்க வேண்டிய காய். வீட்டிலேயே அப்படி ஆகிவிட்டால் பால்கறிக்கு எடுக்காமல், தடித்த வட்டமாக வெட்டி மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டி எண்ணெயில் பொரித்துவிடுங்கள். ஏறத் தொடங்கிய சீனி அதில் ஓரங்களைச் சிவக்க வைத்து, உறைப்போடு நன்றாகவே சேர்கிறது.