கடை திறக்கும் பட்டியல்: சுவர் அட்டையா, நோட்டா, செயலியா?

காலையில் முதலில் வரும் ஊழியர் செய்ய வேண்டிய வேலைகள் எந்தக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெளியிலிருந்தே பூட்டையும் ஷட்டரையும் ஒரு பார்வை, அலாரத்தை அணைப்பது, விளக்கு, அவசரக் கதவு, பில்லிங் கணினி, கார்டு மெஷின், கல்லாச் சில்லறை, குளிர்பெட்டி, முடிந்துபோன சலுகை அட்டைகளை எடுப்பது, தரை. இதில் யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இருக்காது. செய்ததை எதில் குறிப்பது என்பதில்தான் ஆளுக்கு ஒரு கட்சி. நாங்கள் மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டு நோட்டில் நின்றுவிட்டோம். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை, முன்பே சொல்லிவிடுகிறேன்.

சுவர் அட்டை எல்லோருக்கும் தெரிந்தது. லேமினேட் செய்த தாள், பக்கத்தில் நூலில் கட்டிய மார்க்கர், தினமும் டிக் அடித்து மறுநாள் துடைப்பது. செலவே இல்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கு எதன்பின் எது என்ற வரிசை கண்ணுக்கு நேரே இருக்கும். குறை என்னவென்றால், நேற்றைய டிக் இன்று இல்லை. துடைத்தாயிற்று. அப்புறம், டிக் அடிக்க வேலையைச் செய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எல்லா டிக்கும் ஒரே சாய்வில், ஒரே வேகத்தில் கீழே இறங்கியிருந்தால் ஒரே மூச்சில் போட்டது என்று பார்த்தவுடன் தெரியும்.

செயலியின் பலமும் வெளிப்படையானதுதான். எந்த வேலை எத்தனை மணிக்கு முடிந்தது என்று அதுவே குறித்துக்கொள்ளும். புகைப்படம் கேட்கலாம், பின்னால் போய் மாற்றுவது கடினம். ஆனால் அதைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். போனில் சார்ஜ் இருக்க வேண்டும், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்க வேண்டும், புதியவருக்குக் கடவுச்சொல் தர வேண்டும். கடையின் இணைய இணைப்பு வேலை செய்கிறதா என்பதே காலையில் பார்க்க வேண்டிய வேலைகளில் ஒன்று. இணைப்பு இல்லாமல் திறக்காத செயலி என்றால் அந்தக் காலையில் பட்டியலே இல்லை. செயலியை நாங்கள் வைத்திருந்தது கொஞ்ச காலம்தான், அதுவும் ஒரே கடையில். பல கிளைகளை ஓரிடத்தில் உட்கார்ந்து கவனிப்பவருக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். எந்தக் கிளை இன்னும் திறக்கவில்லை என்று நோட்டு அவருக்குச் சொல்லாது.

சரி, நோட்டுக்கு வருவோம். நாளுக்கு ஒரு பக்கம். பெரும்பாலான வரிகளுக்கு டிக் போதும். எண் உள்ள வேலைகளுக்கு மட்டும் டிக் கட்டம் கிடையாது, எண்ணை எழுத வெற்றிடம்தான். "கல்லா எண்ணியாயிற்றா" என்று கேட்காமல், எந்தத் தாள் எத்தனை என்று கேட்பது. "குளிர்பெட்டி சரியா" என்று கேட்காமல், எத்தனை டிகிரி, எத்தனை மணிக்கு என்று கேட்பது. எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான்.

கல்லாவையே எடுத்துக்கொள்வோம். தொடக்கச் சில்லறை 2,000 என்று வைத்திருக்கிறீர்கள்: 100 தாள் 10, 50 தாள் 10, 20 தாள் 15, 10 தாள் 15, மீதி 50-க்கு நாணயங்கள். காலையில் எண்ணினால் 1,970 வருகிறது. அட்டையில் இதற்கு இடமே இல்லை. ஒன்று டிக் அடிப்பார், இல்லையென்றால் யாரிடமாவது வாயால் சொல்வார், அதோடு போச்சு. மொத்தத்தை மட்டும் எழுதினாலும் 30 குறைகிறது என்பது வரைதான் தெரியும். தாள்வாரியாக எழுதினால் 50 தாள் 9, 20 தாள் 16 என்று பக்கத்திலேயே தெரிந்துவிடும். இரவு கல்லாவைப் பிரித்தவர் 50 கட்டில் ஒரு 20 தாளைச் சேர்த்துவிட்டார் என்றே முதலில் நினைக்கத் தோன்றும். அப்படியானால் வங்கிக்குப் போக வேண்டிய பையில் 30 கூடுதலாக இருக்க வேண்டும். பையைப் பிரித்து எண்ணினால் கதவு திறக்குமுன் விஷயம் முடிந்துவிடும். இதே வித்தியாசம் இரவு கணக்கு முடிக்கும்போது வெளிப்பட்டால், அன்று முழுக்க கல்லாவில் நின்றவர்மேல்தான் சந்தேகம் போகும். அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது.

குளிர்பெட்டியில் எண்ணின் பயன் வேறு மாதிரி. கெட்டுப்போகக்கூடிய உணவை 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே வைப்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 3, 3, 4, 4, 5 என்று பக்கத்துக்குப் பக்கம் எண் ஏறிக்கொண்டே வந்தால், ஒவ்வொரு நாளும் தனியாகப் பார்க்கும்போது சரிதான். சேர்த்துப் பார்த்தால்தான் கதவு ரப்பர் தளர்ந்திருக்கலாம், அல்லது கண்டென்சரில் தூசி அடைத்திருக்கலாம் என்று தோன்றும். பொருள் கெடுவதற்குமுன் மெக்கானிக்கைக் கூப்பிட நேரம் கிடைக்கிறது. திடீரென்று ஒரு நாள் 9 என்று இருந்தால் உடனே பதற வேண்டாம், பெட்டி பனி உருக்கும் சுற்றில் இருக்கலாம். மணியையும் எழுதிவிட்டு, அரை மணி நேரத்தில் மறுபடி பார்த்து அதே வரியில் எழுத வேண்டும். இறங்கவில்லை என்றால்தான் பொருளை வேறு பெட்டிக்கு மாற்றும் வேலை.

நோட்டிலும் ஏமாற்றலாம். தொடக்கச் சில்லறை தினமும் ஒன்றேதான் என்பதால், நேற்றைய பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிடலாம். இதற்கு ஒரு வழி உண்டு. இரவு எண்ணிக்கை நோட்டில் வராது, தனிச் சீட்டில் எழுதி மேலாளர் வசம் இருக்கும். இரவில் பிரித்து வைக்கும்போது மொத்தம் 2,000 இருந்தால் போதும், தாள்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறலாம் என்று விட்டுவிட வேண்டும். காலையில் வருபவர் எண்ணித்தான் ஆக வேண்டும், பார்த்து எழுத எதுவும் இல்லை. ஆனால் இரண்டையும் ஒப்பிட மேலாளர் தினமும் ஒரு நிமிடம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காத கடையில் நோட்டும் கொஞ்ச நாளில் வெறும் டிக் பட்டியலாகிவிடும். நோட்டின் நிஜமான பராமரிப்புச் செலவு தாளோ பேனாவோ அல்ல, இந்த ஒரு நிமிடம்தான்.

பக்கத்தில் வரிகளின் வரிசையையும் கவனிக்க வேண்டும். நேரம் எடுப்பவை மேலே வரட்டும்: பில்லிங் கணினி, கார்டு மெஷின், ஏ.சி. அவை தயாராகும் நேரத்தில் கல்லாவை எண்ணிவிடலாம். பில் மெஷினுக்கு டிக் வேண்டாம், ஒரு சோதனைச் சீட்டு அச்சடித்து அதிலுள்ள தேதியையும் நேரத்தையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். காகிதச் சுருள் தீரும் நிலையில் இருப்பதும் கணினிக் கடிகாரம் தவறியிருப்பதும் அந்த ஒரு சீட்டிலேயே தெரிந்துவிடும்.

அட்டையை முழுக்கத் தூக்கிப் போடவில்லை. நோட்டு கல்லா மேஜையில் இருக்கிறது, அங்கே போய்ச் சேருமுன் முடிய வேண்டியவை சில உண்டு. பூட்டிலோ ஷட்டரிலோ நெம்பிய தடம் இருந்தால் உள்ளே போகாமல் வெளியிலேயே நின்று போன் செய்வது, அலாரத்தை அணைப்பது, அவசரக் கதவைக் கையால் தள்ளித் திறந்து பார்ப்பது. கதவைக் கண்ணால் பார்த்தால் போதாது. நேற்று மாலை வந்த சரக்குப் பெட்டிகள் வெளிப்பக்கம் அடுக்கியிருந்தால், தள்ளினால்தான் தெரியும். இந்த மூன்றும் ஊழியர் நுழையும் வாசலில் சின்ன அட்டையாகத் தொங்குகின்றன, டிக் கட்டம் இல்லாமல்.