திருப்பாவையைத் திரையில் போடுவது: முழுப் பாசுரமா, பாதிப் பாசுரமா? பவர்பாயிண்டா, ஓபன்எல்பியா?

மார்கழி வந்தால் சேலத்தில் கோட்டை அழகிரிநாதர் கோயில் பக்கம் தொடங்கி அம்மாப்பேட்டை, செவ்வாப்பேட்டை பஜனை மடங்கள் வரை விடிகாலையில் திருப்பாவை கேட்கும். புத்தகம் கையில் இல்லாதவர்களும் சேர்ந்து பாடட்டும் என்று சுவரில் புரொஜெக்டர் போடும் கூடங்கள் இப்போது கூடிவிட்டன. ஒரு ஸ்லைடுக்கு ஒரு பாசுரம், பெரிய எழுத்து என்பதுதான் எல்லோரும் சொல்லும் விதி. ஆனால் திருப்பாவைப் பாசுரம் ஒவ்வொன்றும் எட்டு அடி. எட்டு அடியையும் ஒரே திரையில் வைத்தால் எழுத்து பெரிதாக இருக்குமா என்பதில்தான் சண்டையே.

முதல் பாசுரத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் எழுத்து அதிகமுள்ள அடி ஆறாவது: ‘கார்மேனிச் செங்கண் கதிர்மதியம் போல்முகத்தான்’, 23 எழுத்து. நாலாவது அடியான ‘கூர்வேல் கொடுந்தொழிலன் நந்தகோபன் குமரன்’ 21 எழுத்துதான்; ஆனாலும் கிட்டத்தட்ட அதே இடத்தைப் பிடிக்கும். கொ, தொ, கோ எல்லாம் கொம்பும் காலும் சேர்ந்து மூன்று துண்டு அகலம் எடுக்கும் எழுத்துகள். அதனால் எழுத்தை எண்ணி அளவு வைக்காதீர்கள். நீளமான அடியைத் திரையில் தட்டிப் பார்த்து, அது ஒரே வரியில் நிற்கும் அளவை முப்பது பாசுரத்துக்கும் வையுங்கள்.

புதிய அகலத் திரைக்கான 16:9 ஸ்லைடு 960 பாயிண்ட் அகலம், 540 பாயிண்ட் உயரம். இதில் `Nirmala UI` எழுத்துருவில் 40 பாயிண்ட் வைத்தால் ஆறாவது அடி மடங்காமல் நிற்கிறது. எட்டு வரிக்கும் சேர்த்து 430 பாயிண்ட் உயரம் போகும். மேலும் கீழும் மூச்சுவிட இடம் மிஞ்சும். எட்டடி அகலத் திரையில் 10 பாயிண்ட் என்பது ஓர் அங்குலம். ஆகவே 40 பாயிண்ட் எழுத்தில் ‘ப’ வின் உடல் மட்டும் ஏறக்குறைய இரண்டு அங்குலம் நிற்கும். நடுத்தரக் கூடத்தின் கடைசி வரிசைக்கு இது போதும். ஆக, அகலத் திரை இருந்தால் முழுப் பாசுரமே சரி. பாதியாக வெட்ட வேண்டிய தேவையே இல்லை.

சிக்கல் பழைய 4:3 புரொஜெக்டரில் வருகிறது. 1024×768 கருவிகள் இன்னும் பல மடங்களில் ஓடுகின்றன. ஸ்லைடின் உயரம் அதே 540, அகலம் மட்டும் 720 ஆகக் குறைகிறது. ஆறாவது அடி மடங்காமல் இருக்க 30 பாயிண்டுக்கு இறங்க வேண்டும். உடனே எல்லோரும் செய்வது, பாசுரத்தை நாலு நாலு அடியாக இரண்டு ஸ்லைடாக்குவது. அதனால் எழுத்து ஒரு பாயிண்டு கூடப் பெரிதாவதில்லை! இடிப்பது உயரம் அல்ல, அகலம். நாலு அடி மட்டும் இருந்தாலும் அந்த நீள அடி 30ஐத் தாண்ட விடாது. கீழ்ப்பாதித் திரைதான் வெறுமையாகக் கிடக்கும்.

4:3இல் வெட்ட வேண்டியது அடியை. ஒவ்வோர் அடியையும் நடுவில் உடைத்து இரண்டு வரியாக்கினால், நாலு அடி எட்டு அரை வரிகளாகி 44 பாயிண்டில் நிற்கும். உடைக்கும் இடத்தைச் சீர் பார்த்து முடிவு செய்ய வேண்டும்:

```
கார்மேனிச் செங்கண்
   கதிர்மதியம் போல்முகத்தான்
நாராயணனே
   நமக்கே பறைதருவான்
```

ஏழாவது அடியில் மூன்று சொல்தான் இருக்கிறது. ஆனால் ‘நாராயணனே’ தனியாகவே இரண்டு சீர், ஆகவே அதன் பின்தான் உடைக்க வேண்டும். சொல்லை எண்ணி ‘நாராயணனே நமக்கே’ என்று மேல் வரியில் போட்டால் பாடுகிறவர்கள் மூச்சு எடுக்கும் இடமும் வரி முடியும் இடமும் ஒத்துவராது. கூட்டம் அங்கே தடுமாறுவது காதிலேயே தெரியும். இரண்டாம் பாதியைச் சற்று உள்தள்ளி வைத்தால் அடி எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடும். பாதிப் பாசுர முறையில் இன்னொன்றும் செய்ய வேண்டும். முதல் ஸ்லைடின் கடைசி அரை வரியை மங்கிய நிறத்தில் அடுத்த ஸ்லைடின் தலையில் திரும்பப் போடுங்கள். ஸ்லைடு மாற்றுபவர் அரை நொடி முந்திவிட்டாலும் யாரும் வரியைத் தொலைக்க மாட்டார்கள். இதற்கு ஒரு வரி இடம் வேண்டும் என்பதால் எழுத்து 38, 40க்கு இறங்கும். அந்த விலையைக் கொடுக்கலாம்.

இனி மென்பொருள். திருப்பாவைக்கு நான் பவர்பாயிண்ட் பக்கம்தான். காரணம் ஒன்றே: ஸ்லைடு ஓடும்போது எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் அந்த ஸ்லைடுக்குப் போய்விடும். முகப்பு ஸ்லைடு வைக்காமல் முதல் பாசுரத்தையே முதல் ஸ்லைடாக வைத்தால், பாசுர எண்ணும் ஸ்லைடு எண்ணும் ஒன்றாகிவிடும். கூடாரவல்லி அன்று 27 தட்டினால் ‘கூடாரை வெல்லும்’ வந்து நிற்கும். தனியன்களை 31லிருந்து வைத்து, தொடங்கும்போது 31 தட்டிக்கொள்ளலாம். பாதிப் பாசுரமாக வெட்டினால் இந்தக் கணக்கு கெட்டு, இருபத்தேழு ஐம்பத்து மூன்றாகிவிடும். முழுப் பாசுரத்தின் பக்கம் நான் சாய்வதற்கு இதுவும் பெரிய காரணம்.

பவர்பாயிண்டில் ஒரு குழி இருக்கிறது. வரி கூடினால் அது தானாக எழுத்தைச் சுருக்கிவிடும். ஒரு பாசுரம் 40, அடுத்தது 33 என்று திரை குதிக்கும். பெட்டியின் அமைப்பில் `Do not Autofit` என்பதைத் தேர்ந்துவிட்டால் இது நிற்கும்.

நாமாவளிக்கும் கீர்த்தனைக்கும் கதை வேறு. ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவி திரும்பும். பாகவதர் விரும்பினால் ஒரே சரணத்தை மறுபடி எடுப்பார். பவர்பாயிண்டில் பல்லவியைப் பல முறை நகல் வைத்து, எந்த நகலில் இருக்கிறோம் என்று தேட வேண்டிவரும். இங்கே பாட்டு வரிகளைத் திரையில் காட்டுவதற்கென்றே உள்ள இலவச மென்பொருளான ஓபன்எல்பி தெளிவாக வெல்கிறது. பல்லவியை ஒரு முறை எழுதி, பல்லவிக்கு C, சரணத்துக்கு V என்று வைத்து, வரிசைப் பெட்டியில் `C1 V1 C1 V2 C1` என்று கொடுத்தால் போதும். பாடகர் தாவினாலும் பட்டியலில் அந்தப் பகுதியைச் சொடுக்கினால் வந்துவிடும். பாட்டின் நடுவே `[---]` என்று போட்டு வைக்கலாம். பகுதி முழுவதும் திரைக்குள் அடங்கினால் அப்படியே காட்டும், அடங்காவிட்டால் மட்டும் அந்த இடத்தில் வெட்டும். சேலத்தில் அகலத் திரை, ஏற்காட்டுக் கூடத்தில் 4:3 என்று மாறிமாறிப் பாடும் குழுவுக்கு இது பெரிய உதவி. ஆனால் நீள அடியை அது சீர் பார்த்து உடைக்காது; அதை நாம்தான் உடைத்துத் தர வேண்டும்.

எழுத்துருவில் மெலிந்ததைத் தவிருங்கள். தூரத்திலிருந்து முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி, அடுத்து ன, ண வேறுபாடு. ‘தம்பி, எழுத்து பெருசாத்தான் இருக்கு, மேல புள்ளியே தெரியலப்பா’ என்று பின்வரிசைப் பாட்டி சொன்னால், வேண்டியது இன்னும் பெரிய எழுத்து அல்ல, தடித்த எழுத்து. கறுப்பில் வெள்ளை எழுத்து ஐந்து மணி இருட்டுக்குக் கண்ணை உறுத்தாது. ஆறரைக்கு மேல் கிழக்கு ஜன்னல் வெளிச்சம் ஏறும் கூடமானால் வெள்ளையில் கறுப்பே நிற்கும்.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு கையில் இருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்பது `mk;kh` என்று தெரியும். ஓபன்எல்பியில் தமிழில் தேடினாலும் பாட்டு கிடைக்காது. எந்த மென்பொருளானாலும் முந்தின நாள் ஒரு பிடிஎஃப் நகலும் எடுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடுவதால் மண்டபத்துக் கணினி எதுவானாலும் பாசுரம் அப்படியே வரும்.