மின்விசிறி எதில் தொங்குகிறது? படம் வரையும் செயலியோடு ஒன்றரை ஆண்டுகள்

உள்ளலங்காரத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: "நீங்கள் ஒன்றரை வருடமாக அந்தச் செயலியில்தான் அறைப் படங்களைச் செய்கிறீர்கள். நானும் சந்தா கட்டலாமா?" வாயால் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை, எனக்கும் போதவில்லை. ஆகவே எழுதுகிறேன். சுவர், தரை, திரைச்சீலை, மர வேலை ஆகியவற்றை எழுத்தில் விவரித்தால் செயலி எவ்வளவு அழகாக வரைந்து தருகிறது என்பது அனைவரும் அறிந்ததே. அந்தப் பாராட்டை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. இந்த ஒன்றரை ஆண்டும் என்னை விடாமல் உறுத்தியது ஒன்றுதான்: சீலிங் மின்விசிறி.

தொடக்கத்தில் ஒரு வீட்டுக்காரம்மாவிடம் கூடத்தின் படத்தைக் காட்டினேன். நிறங்கள் அவருக்குப் பிடித்திருந்தன. சற்று நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் நன்றாக இருக்கிறது சார், ஆனால் இந்த விசிறி எதில் தொங்குகிறது?" என்று கேட்டார். பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கைகள் பளபளவென்று இருந்தன. மேலே கம்பி பாதி வழியில் மங்கி மறைந்திருந்தது. கொக்கியை மூடும் கிண்ணம் இல்லவே இல்லை. கத்தரித்து ஒட்டிய காகிதம் போல விசிறி அந்தரத்தில் நின்றது. அன்றிலிருந்து என் படங்களில் நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

அப்போது எனக்கிருந்த பழக்கம், செயலிக்கு எழுதிக் கொடுக்கும் விவரிப்பான ப்ராம்ப்ட்டின் கடைசியில் "ஒரு சீலிங் மின்விசிறி" என்று சேர்த்துவிடுவது. அந்தச் சொல்லுக்குச் செயலி தருவது விற்பனைப் பட்டியலில் இருக்கும் விசிறியை. வெள்ளைப் பின்னணியில், பொருள் முழுதாகத் தெரியும் கோணத்தில், நிழலில்லாமல் எடுத்த எண்ணற்ற படங்களைப் பார்த்து அது பழகியிருக்கிறது. அறை ஒரு கோணத்தில் இருக்க, விசிறி வேறொரு கோணத்தில் வந்து உட்கார்கிறது. பொருளின் பெயரை மட்டும் எழுதாமல் அது மாட்டப்பட்டிருக்கும் விதத்தை எழுத வேண்டும் என்பது எனக்குப் பிடிபடவே சில மாதங்கள் ஆயின. மின்பணியாளர் மாட்டுகிற வரிசையிலேயே எழுதினால் நல்லது: சீலிங்கில் கொக்கி, அதை மூடி சீலிங்கோடு ஒட்டி நிற்கும் கிண்ணம், அதிலிருந்து இறங்கும் கம்பி, மோட்டார், கடைசியில் இறக்கைகள். இப்போது நான் தட்டச்சு செய்வது இது:

```
ceiling fan on a straight steel rod, cup cover pressed flat against the ceiling, three blades seen from below, blade circle looks like a thin ellipse, soft shadow of cup and rod on the ceiling, window light from left
```

இதில் மெல்லிய நீள்வட்டம் என்ற பகுதிதான் உயிர். ஒரு கணக்கைப் பாருங்கள். சீலிங் 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறக்கைகள் தரையிலிருந்து 2.6 மீட்டரில் சுழல்கின்றன. படம் எடுப்பவரின் கண் 1.5 மீட்டர் உயரத்தில், விசிறிக்கு 3.3 மீட்டர் தள்ளி இருக்கிறது. கண்ணுக்கும் இறக்கைக்கும் உயர வேறுபாடு 1.1 மீட்டர், தொலைவோ அதைப் போல மூன்று மடங்கு. அப்படியானால் இறக்கைகள் சுழலும் வட்டம் படத்தில் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரமே உள்ள தட்டையான நீள்வட்டமாகத் தெரிய வேண்டும். செயலி முதலில் தந்த விசிறிகளை அளந்தபோது, உயரம் அகலத்தில் பாதிக்கு மேல் இருந்தது. விசிறிக்கு இன்னும் அருகில் போய் அண்ணாந்து பார்ப்பவருக்குத்தான் அது அந்த அளவு உருண்டையாகத் தெரியும். வீட்டுக்காரம்மாவுக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. தினமும் அண்ணாந்து பார்க்கிற பொருளைக் கண் உடனே சந்தேகிக்கிறது.

நிழலிலும் இதே போன்ற தவறு நடக்கிறது. நிழல் வேண்டும் என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் தரையில் ஒரு கரிய விசிறி உருவம் விழுகிறது. பகலில் சன்னல் ஒளிதான் அறையை நிறைக்கிறது. அது பக்கவாட்டிலிருந்தும், தரையில் பட்டுக் கீழிருந்தும் மேலே போகிறது. எனவே விசிறியின் நிழல் சீலிங்கில்தான், சன்னலுக்கு எதிர்ப்பக்கமாக, விளிம்பு கரைந்த ஒரு மெல்லிய கருமையாக விழ வேண்டும். கிண்ணம் சீலிங்கைத் தொடும் இடத்தில் ஒரு குறுகிய இருட்டு வளையமும் இருக்க வேண்டும். அந்த வளையம் இருந்தால் விசிறி மாட்டியது போல் தெரிகிறது. இல்லாவிட்டால் ஒட்டியது போல் தெரிகிறது. இது என் அனுபவத்தில் ஒரு முறையும் பொய்த்ததில்லை.

ஆனால் கம்பி? அதுதான் என் பொறுமையைச் சோதித்தது. எத்தனை விதமாக எழுதியும் கம்பி நடுவில் அறுந்தது, வளைந்தது, இரண்டாகப் பிரிந்தது. காரணம் சொற்களில் இல்லை என்று பின்னால்தான் புரிந்தது. இவ்வகைச் செயலிகள் பலவும் படத்தை நேரடியாகப் பிக்சல் பிக்சலாக வரைவதில்லை. 8-க்கு 8 பிக்சல் கொண்ட கட்டங்களாகச் சுருக்கிய வடிவத்தில் வரைந்து, பிறகு விரிக்கின்றன. என் படத்தின் அகலம் 1,024 பிக்சல். விசிறி இருக்கும் தொலைவில் 4 மீட்டர் அகலமான அறை அதில் அடங்குகிறது என்றால், ஒரு மீட்டருக்கு 256 பிக்சல். ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பிக்குக் கிடைப்பது 5 பிக்சல். ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாத பொருளைச் செயலி ஒழுங்காக வரையும் என்று எதிர்பார்த்து மாதக்கணக்கில் சொற்களை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே விசிறியுள்ள பகுதியை மட்டும் தனியே பெரிதாக்கி மறுபடி வரையச் சொல்ல வேண்டும். 2 மீட்டர் அகலமான பகுதியை 1,024 பிக்சலில் வரைந்தால் கம்பிக்கு 10 பிக்சல் கிடைக்கிறது. அது நேராக நிற்கிறது. மாற்ற வேண்டிய இடத்தைக் குறிக்கும் மாஸ்க்கை விசிறியின் ஓரத்தோடு வெட்டக் கூடாது. சுற்றிலும் சீலிங்கைத் தாராளமாக, நிழல் விழ வேண்டிய இடத்தையும் சேர்த்துப் பூச வேண்டும். விசிறிக்கு மட்டும் மாஸ்க் போட்டால், நிழல் விழுவதற்குச் செயலிக்கு நாம் இடமே கொடுக்கவில்லை என்று பொருள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பகுதியை மிகவும் நெருக்கி வெட்டினால் செயலியின் கண்ணுக்கு வெறும் சீலிங்தான் தெரியும். அறையின் கோணம் தெரியாது. உடனே பட்டியல் விசிறி உருண்டையாகத் திரும்பி வந்துவிடும். அதனால்தான் 2 மீட்டர் என்று நிறுத்திக்கொள்கிறேன். சுவரும் சீலிங்கும் சேரும் கோடு கொஞ்சமாவது உள்ளே இருக்க வேண்டும். அதற்கும் முன்னால், அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடும் ஒரு தட்டையான நீள்வட்டமும் கையாலேயே வரைந்துவிட்டு, இருக்கும் படத்தைச் செயலி எவ்வளவு மாற்றலாம் என்று 0 முதல் 1 வரை குறிக்கும் அளவை 0.5 அருகில் வைத்து வரையச் சொல்கிறேன். 0.3-க்குக் கீழே வைத்தால் என் கிறுக்கல் கிறுக்கலாகவே நிற்கிறது, 0.8 வைத்தால் கிறுக்கலை அது மதிப்பதில்லை. அப்படியும் மூன்று இறக்கைகள் கேட்ட இடத்தில் நான்கும் ஐந்தும் வருவது நிற்கவில்லை. எண்ணிக்கை விஷயத்தில் எழுத்தை நம்பவே முடியாது.

இத்தனை கோபத்துக்கு நடுவே நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏசி விஷயத்தில் இதே செயலி என்னை வியக்க வைத்தது. ஏசியும் முதலில் சுவரில் ஒட்டிய வெள்ளைப் பெட்டியாகத்தான் வந்தது. அதற்கு நான் எழுதியது இவ்வளவுதான்:

```
split AC indoor unit fixed flat to the wall, small gap below the ceiling, white pipe casing from its right end into the wall, power socket beside it, soft shadow on the wall under the unit
```

குழாயை மூடும் வெள்ளை உறை, பக்கத்தில் ஒரு மின்சாக்கெட், சீலிங்கோடு முட்டாமல் காற்று இழுக்க விட்ட இடைவெளி. இந்த மூன்றும் வந்ததும் பெட்டி சுவரின் பகுதியாகிவிட்டது. அதன் தடிமன் ஒரு சாண் இருக்கும். அந்தத் தடிமனுக்கு ஏற்ற நிழலும் கீழே விழுந்தது. இடைவெளியைச் சில படங்களில் நானே 15 சென்டிமீட்டர் அளவுக்குத் திருத்தினேன், அவ்வளவே. ஏசி பெரிய பொருள். அதன் முகம் எளிய செவ்வகம். அது சாய்ந்திருப்பது சுவர்மேல். விசிறிக்கு இந்த மூன்று வசதியும் இல்லை.

விளக்குகளைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். எரியும் விளக்கை எழுதுகிறபோது விளக்கை மட்டும் எழுதாமல் அதன் ஒளி எங்கே படுகிறது என்பதையும் எழுத வேண்டும். சீலிங்கில் புதைத்த விளக்கு என்றால் அருகிலுள்ள சுவரில் வளைவாக ஒளி இறங்க வேண்டும்; அதைச் சுற்றியுள்ள சீலிங் வெளிச்சமாகக் கூடாது. கண்ணாடி உருண்டை விளக்கு என்றால் சீலிங்கும் சேர்ந்து ஒளிர வேண்டும். விளக்கு மட்டும் பளிச்சென்று இருந்து சுற்றுப்புறம் அப்படியே இருந்தால், அதுவும் ஒட்டியதுதான்.

இப்போது என்னால் ஒரு கூடத்தில் விசிறி, ஏசி, நான்கு விளக்குகள் எல்லாவற்றையும் மாட்டியது போலவே கொண்டுவர முடிகிறது. படங்களைப் பார்ப்பவர்கள் யாரும் எதில் தொங்குகிறது என்று கேட்பதில்லை. துணியும் மரமும் கல்லும் இவ்வளவு உயிரோடு வேறு எந்த வழியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆயினும் நண்பரிடம் "வேண்டாம், கட்டாதீர்கள்" என்றே சொன்னேன். நேற்று இரவு ஒரே ஒரு விசிறிக்காக இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தேன். பதினோராவது முயற்சியில் கம்பி நேராக வந்தது, கிண்ணம் ஒட்டியது, நிழலும் சரியான பக்கம் விழுந்தது, இறக்கைகள் நான்கு. அதை அழித்துவிட்டு, பழைய முப்பரிமாண மென்பொருளைத் திறந்து, வைத்திருந்த விசிறி மாதிரியைச் சீலிங்கில் பொருத்தி, அந்தக் கோணத்திலேயே எடுத்துப் படத்தில் சேர்த்தேன். இருபது நிமிடம்தான் ஆனது. நண்பரிடம் அந்த மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது.