சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்

பள்ளிக்குக் கணினி வாங்கப் போகிறவர்களும் லேப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்கு நடந்தது என்னவென்று புரியவே ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் பெற்றோர் சேர்த்துக் கொடுத்த பணம் போனது. அதைவிட, செய்யாத தப்புக்கு ஒரு பையனை நான் வகுப்பில் எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறேன்.

எங்கள் பள்ளி ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப்பேர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். 2024 ஜூனில் லேபுக்குப் பன்னிரண்டு கணினி வந்தது. வெளியூர் நிறுவனம் ஒன்று வந்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தது. பில்லில் கணினி விலை போக, ‘பாதுகாப்பு மென்பொருள் உரிமம்’ என்று கணினிக்கு 1,500 வீதம் 18,000 ரூபாய் தனியாக இருந்தது. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்தான் போல என்று நினைத்து எச்.எம். சார் கையெழுத்துப் போட்டார். நானும் கேட்கவில்லை. வருடப் பராமரிப்புக்கு இன்னொரு 12,000. அதில் ‘வருடத்துக்கு இருமுறை விண்டோஸ் அப்டேட்’ என்று எழுத்திலேயே இருந்தது.

முதலில் பைத்தான் காணாமல் போனது. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகு ஏழு மணி வரை உட்கார்ந்து பன்னிரண்டிலும் பைத்தான் நிறுவினேன். திங்கள்கிழமை முதல் பீரியடில் திறந்தால் ஒன்றில்கூட இல்லை. கடைசியாக லேபைப் பூட்டிச் சாவி கொடுத்தவன் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். கணினி என்றால் உயிர் அவனுக்கு, எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பான். “நீதானே அழிச்சே?” என்று கேட்டேன். “நான் தொடவே இல்ல டீச்சர்” என்றான். நான் நம்பவில்லை. ஒரு மாதம் அவனை லேபுக்குள் விடவில்லை.

அந்த மாதமும் பைத்தான் காணாமல்தான் போனது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்து, கணினிகள் தினமும் பதினோரு மணி வாக்கில் உறைந்து நிற்க ஆரம்பித்தன. மவுஸ் நகரும், வேறு எதுவும் நகராது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அதுவரை பிள்ளைகள் அடித்து வைத்தது அத்தனையும் போயிருக்கும், சேமித்த கோப்பு உட்பட. நிறுவனத்துக்குப் போன் செய்தால் ஒரே பதில்தான்: “மேடம், உங்க ஊர் உப்புக் காத்து. போர்டு அரிச்சிருக்கும்.” இதை மறுக்க எங்களால் முடியவில்லை. இங்கே சன்னல் கம்பி இரண்டு வருடத்தில் இற்றுப் போகும், மின்விசிறி இறக்கையில் துரு ஏறும். உப்புக் காற்று என்று சொன்னால் எங்கள் ஊரில் எவரும் தலையாட்டத்தான் செய்வார்கள். அவர்களுக்கும் அது தெரியும்.

செப்டம்பரில் ஒரு தம்பி சர்வீசுக்கு வந்தார். ஒவ்வொரு கணினியிலும் அப்டேட் ஓடவிட்டு, நூறு சதவீதம் வந்ததும் கூப்பிட்டுக் காட்டினார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். உறைவதற்கு என்ன வழி என்று கேட்டதற்கு, “4 ஜி.பி. ரேம் பத்தாது மேடம், 8 ஆக்கணும்” என்றார். அக்டோபரில் 16,800 ரூபாய்க்கு ரேம் போட்டோம். மறுநாளும் பதினோரு மணிக்கு உறைந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம், காலை பத்தேகாலுக்கு மின்சாரம் போய்விட்டுத் திரும்ப வந்தது. அரை மணி நேரத்துக்கு முன் நான் டெஸ்க்டாப்பில் சேமித்த மதிப்பெண் பட்டியல் இல்லை. பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த பிரதி மட்டும் அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. யாரும் அழிக்கவில்லை. ரீஸ்டார்ட்தான் அழிக்கிறது. மாலையில் லேபின் மெயின் சுவிட்சை அணைத்து, காலையில் போடுகிறோம். அதனால் எல்லாம் தினமும் காலையில் காணாமல் போகிறது.

உறுதி செய்துகொள்ள இரண்டு இடங்களில் பார்த்தேன். ஒன்று, ஈவென்ட் வியூவர். விண்டோஸ் தன் நடப்பையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கும் குறிப்பேடு அது. அதில் 2024 ஜூன் வரை பதிவுகள் இருந்தன. அதற்கடுத்த வரி அன்று காலை. நடுவில் ஏழு மாதம் வெற்றிடம். இன்னொன்று, பவர்ஷெல்லில் இந்த ஒரு வார்த்தை:

```
Get-HotFix
```

நிறுவப்பட்ட அப்டேட்களையும் தேதியையும் இது காட்டும். எல்லாத் தேதியும் ஜூன். செப்டம்பரில் என் கண் முன்னே நூறு சதவீதம் ஓடிய அப்டேட் எதுவுமே அங்கே இல்லை.

எங்கள் பழைய மாணவன் ஒருவன் சென்னையில் டிக்கெட் எடுக்கும் தொடுதிரை இயந்திரங்களுக்கு சர்வீஸ் பார்க்கிறான். போனில் கேட்டவுடன், “டீச்சர், விண்டோஸ் எந்த எடிஷன்னு பாருங்க” என்றான். எஜுகேஷன். “அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல இத அடிங்க” என்றான்.

```
uwfmgr get-config
```

`Filter state: ON` என்று வந்தது. கீழே C டிரைவுக்கு நேராக `Protected`. “அவ்வளவுதான் டீச்சர், யு.டபிள்யூ.எஃப். போட்டு வச்சிருக்காங்க” என்றான்.

அவன் விளக்கியதையும், பிறகு நானே சோதித்துப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். யு.டபிள்யூ.எஃப்., அதாவது Unified Write Filter என்பது விண்டோஸ் எஜுகேஷன், என்டர்பிரைஸ் பதிப்புகளுக்குள்ளேயே இருக்கும் வசதி. ‘Turn Windows features on or off’ பட்டியலில் Device Lockdown என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது, டிக் போட்டால் வந்துவிடும். தனி உரிமம் கிடையாது, தனி விலையும் கிடையாது. நாங்கள் 18,000 கொடுத்தது இந்த டிக்குக்குத்தான்.

இது இயங்கும்போது C டிரைவில் நாம் எழுதும் எதுவும் டிஸ்க்குக்குப் போவதில்லை. ஓவர்லே என்ற தற்காலிக இடத்தில் தங்குகிறது. யாரும் மாற்றாவிட்டால் அந்த இடம் ரேமுக்குள், 1024 எம்.பி. அளவில் இருக்கும். ரீஸ்டார்ட் ஆனதும் ஓவர்லே காலியாகிவிடும், கணினி பழைய நாளுக்கே திரும்பிவிடும். சில மென்பொருள்கள் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு படம் காட்டி, நான் இருக்கிறேன் என்று சொல்லும். இது எதுவும் காட்டாது. அதனால்தான் ஏழு மாதம் எங்கள் கண்ணில் படவில்லை.

பதினோரு மணிக் கதையும் இதில்தான் விடிந்தது. ஜூன் மாத நிலைமையில் விழிக்கிற விண்டோஸ், தினமும் காலையில் அத்தனை அப்டேட்டையும் புதிதாக இறக்கத் தொடங்குகிறது. எட்டாவது கணினியில் உட்கார்ந்து கால் மணிக்கு ஒருமுறை இதை அடித்துப் பார்த்தேன்:

```
uwfmgr overlay get-consumption
```

ஒன்பதரைக்கு 140 எம்.பி. பத்து மணிக்கு நானூறைத் தாண்டியது. பத்து ஐம்பதுக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம். சில நிமிடத்தில் மவுஸ் மட்டும் நகர்ந்தது. ஓவர்லே நிரம்பிவிட்டால் மேற்கொண்டு எழுத இடமில்லை, கணினி திணறும். மீள ரீஸ்டார்ட்தான் வழி. ரேம் நாலானாலும் எட்டானாலும் ஓவர்லேக்கு எழுதி வைத்த எல்லை அதே 1024தான், அது தானாக வளராது. ஆகவே 16,800 ரூபாய் ரேமால் உறைவது ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போக வழியில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வைரஸ் எதிர்ப்புக்கான தகவலும் காலைதோறும் ஜூனுக்கே திரும்பியது. ஜெராக்ஸ் கடையிலிருந்து பென் டிரைவில் வைரஸ் வந்தால் எங்கள் கணினி மறுநாள் சுத்தமாகிவிடும். ஆனால் அதே நாளில் அதில் செருகிய மற்றப் பிள்ளைகளின் பென் டிரைவுகளுக்கு யார் பொறுப்பு?

இந்த வசதி கெட்டது என்று நான் சொல்லவில்லை. நாற்பது பேர் கைபடும் லேபுக்கு இது நல்ல காவல். காவல் போட்டிருக்கிறது என்பதையும், திறப்பது எப்படி என்பதையும் சொல்லாமல் போனதுதான் துரோகம். செப்டம்பரில் வந்த தம்பிக்கு இது தெரியாமல்கூட இருந்திருக்கலாம். ஆனால் ஜூனில் டிக் போட்டவருக்குத் தெரியும். காவலைத் திறக்காமல் ஓடவிடும் அப்டேட் அடுத்த ரீஸ்டார்ட்டைத் தாண்டாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் சரிசெய்தது இப்படி. ஒரு சனிக்கிழமை காலை, ஒவ்வொரு கணினியிலும் அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில்:

```
uwfmgr filter disable
shutdown /r /t 0
```

disable என்று அடித்தவுடன் நின்றுவிடாது, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகுதான் நிற்கும். நான் முதலில் ரீஸ்டார்ட் செய்யாமல் பார்த்துவிட்டு, இன்னும் ON என்று காட்டுகிறதே எனப் பயந்துபோனேன். நின்ற பிறகு அப்டேட், பைத்தான், தமிழ் விசைப்பலகை எல்லாம் போட்டோம். ஏழு மாதப் பாக்கி என்பதால் ஞாயிறு மாலை வரை இழுத்தது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து, போட்டது நிற்கிறதா என்று பார்த்த பிறகே `uwfmgr filter enable` கொடுத்து மறுபடி ரீஸ்டார்ட் செய்தோம். பிள்ளைகளின் கோப்புகளுக்குக் காவல் இல்லாத D டிரைவை ஒதுக்கிவிட்டோம். அங்கே எழுதியது நிற்கும். அப்டேட் தானாக ஓடுவதையும் நிறுத்தினோம். இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை திறந்து, அப்டேட் போட்டு, மூடுகிறோம்.

உங்கள் லேபில் இது இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். C டிரைவில் ஒரு கோப்பும் பென் டிரைவில் ஒரு கோப்பும் சேமித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். C டிரைவில் இருந்தது மட்டும் காணாமல் போனால், இதுவோ இதுபோன்ற வேறொரு மென்பொருளோ இருக்கிறது. வேறு மென்பொருளாக இருந்தால் அதைத் திறக்கக் கடவுச்சொல் தேவைப்படலாம். அதை எழுத்தில் வாங்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். சர்வீசுக்கு வருகிறவர் அப்டேட் முடிந்தது என்று காட்டினால், அவரை இருக்கச் சொல்லி ஒரு ரீஸ்டார்ட், அப்புறம் `Get-HotFix`. தேதி சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்து.

நிறுவனத்துக்கு ஈவென்ட் வியூவர் படத்தையும், செப்டம்பர் ரிப்போர்ட்டையும், `Get-HotFix` பட்டியலையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பராமரிப்புப் பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 18,000 பற்றிக் கேட்டால் “பாதுகாப்பு வேலை செய்யுதுல்ல மேடம்?” என்கிறார்கள். ரேமுக்குக் கொடுத்த பணம் பற்றிப் பேச்சே இல்லை. அதற்கு நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பையனை அதே வகுப்பில், எல்லார் முன்னாலும் எழுப்பி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “பரவால்ல டீச்சர்” என்றான். மாதச் சனிக்கிழமைகளில் பன்னிரண்டு கணினியையும் திறந்து மூடுவது இப்போது அவன் பொறுப்பு. ஒவ்வொன்றின் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்குகிறான்.