"சர்வோ" என்று விற்கப்படும் ஸ்டெப்பர்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

துளையிடும் மேசை வாங்கிய ஒரு பட்டறைக்கு நேர்ந்தது இது. மற்றவர்களும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறோம். விலைப்புள்ளியில் "சர்வோ அச்சு, பின்னூட்டத்துடன்" என்று இருந்தது. வந்து இறங்கியது ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி திரும்பும், பின்னூட்டமில்லாத ஸ்டெப்பர் மோட்டார். மோட்டாரிலிருந்து டிரைவுக்கு நான்கு ஒயர் போகிறது, வேறெதுவும் இல்லை. சர்வோவிலும் U, V, W, எர்த் என்று நான்கு ஒயர் இருக்கும் என்பதால் எண்ணிப் பார்த்து ஏமாறாதீர்கள். மோட்டார் எவ்வளவு திரும்பியது என்று அளந்து சொல்லும் என்கோடருக்கென்று, மோட்டாரின் பின்பக்கத்திலிருந்து தனிக் கேபிள் புறப்படுகிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால், கண்ட்ரோலர் தான் அனுப்பிய பல்ஸை எண்ணிக்கொண்டிருக்கிறதே தவிர, மேசை எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது.

முதல் வாரமே துளைகள் சில நேரம் 0.1 மி.மீ., சில நேரம் 0.3 மி.மீ. தள்ளி விழுந்தன. விற்றவர் சொன்ன காரணம் பேக்லாஷ், அதாவது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையிலான தளர்வு. பால்ஸ்க்ரூ நட்டை மாற்றி, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கினார். பிழை அப்படியே இருந்தது.

அந்தப் பிழையின் அளவே உண்மையைச் சொல்லியிருக்கும். இந்த வகை ஸ்டெப்பரின் ரோட்டாரில் 50 பற்கள். சுமை தாங்காமல் பிடி விட்டால் அது ஒரு பல் தள்ளித்தான் மறுபடி பிடிக்கும், அதாவது நான்கு முழு ஸ்டெப், 7.2 டிகிரி. ஸ்க்ரூவின் பிட்ச் 5 மி.மீ. என்றால் ஒரு பல்லுக்கு 0.1 மி.மீ. ஆகவே பிழை 0.1, 0.2, 0.3 என்று அதன் மடங்காகவே வந்தால் ஸ்டெப் விட்டுப்போகிறது என்று அர்த்தம். பேக்லாஷ் இப்படிச் சேர்ந்துகொண்டே போகாது. ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்தினால் அது மறைந்துவிடும். கப்ளிங் வழுக்கினால் பிழைக்கு எந்த ஒழுங்கும் இருக்காது. திசை மாறும்போதெல்லாம் ஒரு மைக்ரோஸ்டெப் (சுற்றுக்கு 1600 பல்ஸ் என்றால் சுமார் 0.003 மி.மீ.) கூடிக்கொண்டே போனால், திசை சிக்னலுக்கும் பல்ஸுக்கும் இடையே போதிய நேரம் விடவில்லை. அதை அமைப்பில் மாற்றினால் போதும்.

சோதிக்க ஒரு டயல் கேஜ் போதும். மேசையில் வைத்து பூஜ்யமாக்குங்கள். முழு வேகத்தில் நூறு முறை போய் வரச் செய்து, அதே திசையிலிருந்து வந்து நின்றதும் முள்ளைப் பாருங்கள். பிறகு வேகத்தைக் கால்பங்காகக் குறைத்துத் திரும்பச் செய்யுங்கள். இந்த மேசை மெதுவாக ஓடியபோது முள் நகரவில்லை. 6 மீ./நிமிடத்தில், அதாவது 1200 ஆர்.பி.எம்.மில், 0.2 காட்டியது.

காரணம் லேபிளில் இருக்கிறது. அதில் போட்டிருக்கும் டார்க் மோட்டார் நிற்கும்போது உள்ள பிடி. வேகம் ஏற ஏற காயிலில் கரண்ட் ஏற நேரம் கிடைக்காமல் டார்க் சரியும். 1200-ல் கால்பங்குகூட மிஞ்சாமல் போகலாம். வாங்கும் முன் வேகத்துக்கு எதிரான டார்க் வரைபடம் கேளுங்கள், அதுவும் உங்களுக்குத் தரப்போகும் சப்ளை வோல்டேஜுக்கு உரியதாக. உங்கள் வேகத்தில் அது காட்டுவதில் பாதியை மட்டும் நம்பிக் கணக்குப் போடுங்கள். சுமை மாறாமல், வேகம் குறைவாக, அடிக்கடி ஹோமிங் செய்கிற வேலைக்கு ஸ்டெப்பரே தாராளம். அங்கே சர்வோ வாங்குவது வீண் செலவு.

சண்டை போட்ட பிறகு "குளோஸ்டு லூப்" ஸ்டெப்பர் மாட்டிக் கொடுத்தார்கள். இதில் என்கோடர் உண்மையாகவே இருந்தது. ஆனால் டிரைவில் அலாரம் சிக்னல் வெளியே வரும் ALM முனை ஒயர் இல்லாமல் காலியாகக் கிடந்தது. என்கோடர் வந்ததால் மோட்டாரின் பலம் கூடிவிடாது. பின்தங்கியதை டிரைவ் கண்டுபிடித்து ஈடுகட்டப் பார்க்கும், வரம்பு மீறினால் அலாரம் கொடுத்து மோட்டாரை விட்டுவிடும். அந்த அலாரம் கண்ட்ரோலருக்குப் போகவில்லையென்றால் நிற்கும் மேசைக்கு அது பல்ஸ் அனுப்பிக்கொண்டே இருக்கும், அடுத்த துளை தப்பான இடத்தில் இறங்கும். முன்பு 0.1 தள்ளி விழுந்தது, இப்போது முழுப் பாகமும் வீண்.

இதற்கும் சோதனை உண்டு. மின்சாரத்தை நிறுத்தி என்கோடர் பிளக்கைக் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்து, மெதுவாக 10 மி.மீ. நகரச் சொல்லுங்கள். டிரைவில் அலாரம் விளக்கு எரிய வேண்டும், கண்ட்ரோலரும் அதே கணம் நிற்க வேண்டும். திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தால் அலாரம் ஒயர் கண்ட்ரோலருக்குப் போகவில்லை. செங்குத்து அச்சில் இதைச் செய்யாதீர்கள், அலாரத்தில் பிடி விட்டதும் தலைப்பகுதி கீழே விழும். அங்கே பிரேக் வைத்த மோட்டார்தானா என்று முதலில் கேளுங்கள்.

இந்தச் சோதனைகளை விற்பவர் இடத்திலேயே, உங்கள் வேலைக்குரிய எடையை மேசையில் ஏற்றிச் செய்து காட்டச் சொல்லுங்கள். விலைப்புள்ளியில் "சர்வோ" என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காமல் மோட்டார் மாடல் எண், என்கோடர் ரெசல்யூஷன், அலாரம் எந்த இன்புட்டில் சேர்க்கப்படும் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள்.