தமிழில் பெயர் வைத்த கோப்புகளை மெயிலில் அனுப்பிப் பார்த்த அனுபவம்

கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் பச்சைத் தேயிலை எடைக் கணக்கை பி.டி.எஃப். ஆக்கி, கோயம்புத்தூரில் உள்ள ஆடிட்டர் அலுவலகத்துக்கு மெயிலில் அனுப்புவது வேலை. குழுவில் எல்லாரும் படிக்க வேண்டும் என்பதால் கோப்புக்குத் தமிழில்தான் பெயர் வைத்து வந்தோம். பல வருடங்களாக இது ஒரு மாதம் சரியாகப் போகும், மறு மாதம் போகாது. அங்கிருக்கும் தம்பி போனில், "அண்ணா, எது எந்த மாசம்னே தெரியலீங்க" என்பார்.

அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தால், ‘தேயிலை’ இப்படி நின்றது: `à®¤à¯‡à®¯à®¿à®²à¯ˆ`. காரணம் எளிது. யூனிகோடு தமிழ்க் குறி ஒவ்வொன்றும் UTF-8 முறையில் மூன்று பைட்டாகப் போகிறது. வாங்கும் பக்கத்து மென்பொருள் அதை cp1252 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறை என்று நினைத்து, ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்தாகக் காட்டிவிடுகிறது. தமிழ்க் குறிகளின் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று என்பதால் `à®` அல்லது `à¯` திரும்பத் திரும்ப வரும். இந்த ஜோடியைக் கண்டால் தமிழ்தான் உடைந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இப்படி உடைந்ததை மீட்க வழி உண்டு. பைத்தான் உள்ள கணினியில் இது போதும்:

```
s = "à®¤à¯‡à®¯à®¿à®²à¯ˆ"
print(s.encode("cp1252").decode("utf-8"))
```

‘தேயிலை’ அப்படியே திரும்பி வரும். ஆனால் ‘கணக்கு’ பெரும்பாலும் வராது. புள்ளியின் கடைசி பைட் 8D, உகரக் குறியின் கடைசி பைட் 81. அந்த ஐரோப்பிய அட்டவணையில் இந்த இரண்டு இடமும் காலி. கண்ணுக்குத் தெரியாத குறியாக வந்து, பெயரைச் சேமிக்கும்போது உதிர்ந்துவிடுகின்றன. புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் எத்தனை பெயர் வைக்க முடியும், சொல்லுங்கள்! பெயர் முழுக்க `????` அல்லது `____` என்று வந்தால் அதைவிட மோசம். தமிழ் எழுத்துக்கு இடமே இல்லாத பழைய மென்பொருள் ஒவ்வொன்றையும் கேள்விக்குறியாக மாற்றிவிட்டது. மீட்க அங்கே எதுவும் மிச்சமில்லை. நல்லவேளையாக, கெடுவது பெயர் மட்டும்தான். உள்ளே கணக்கு பத்திரமாக இருக்கும்.

அதைவிட எரிச்சலானது நீளப் பெயர். ‘கோத்தகிரி சிறு தேயிலை விவசாயிகள் குழு மார்ச் மாத கணக்கு.pdf’ என்று ஒரு பெயர். மெயிலின் தலைப்பகுதியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் `%E0%AE%A4` மாதிரி ஒன்பது எழுத்தாக விரியும். மொத்தம் 450-ஐத் தாண்டுகிறது. அவ்வளவையும் ஒரே வரியில் வைக்காமல் `filename*0*`, `filename*1*` என்று துண்டு துண்டாக அனுப்புவார்கள். 1997-இல் வந்த RFC 2231 என்ற விதி அது. துண்டுகளை ஒட்டத் தெரியாத மென்பொருள் வாலை விட்டுவிடும். வாலில்தான் `.pdf` இருக்கிறது! கோப்பு போய்ச் சேரும், ஆனால் இரண்டு முறை சொடுக்கினாலும் திறக்காது. அந்த நேரத்தில் அந்தத் தம்பியிடம், பெயரின் கடைசியில் `.pdf` என்று அடித்துத் திறக்கச் சொன்னேன், திறந்தது.

ஜிப் செய்து அனுப்பினால் தப்பலாம் என்பார்கள். அதுவும் முழுத் தீர்வு இல்லை. பெயர் UTF-8 என்ற அடையாளத்தை ஜிப் செய்யும் மென்பொருள் போடாவிட்டால், ‘த’ அங்கே `α«ñ` ஆகிவிடும். வெளிப்பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து உள்ளே தமிழ்ப் பெயர்களை விட்டால் அதே கதைதான்.

இப்போது வைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் இது. எங்கள் கணினியில் தமிழ்ப் பெயர் இருக்கட்டும், அதில் தொல்லை இல்லை. அனுப்பும் பிரதிக்கு மட்டும் `2024-03-theyilai-kanakku.pdf` என்று பெயர். சிறிய ஆங்கில எழுத்து, எண், நடுவில் சிறு கோடு, அவ்வளவுதான். இடைவெளியும் அடைப்புக்குறியும் வேண்டாம். வருடமும் மாதமும் முன்னால் வருவதால் வாங்குபவரின் கணினியில் தானாக வரிசையாகிவிடும். ஒருவர் theyilai, இன்னொருவர் teyilai என்று எழுதினால் பிறகு தேடும்போது பாதி கிடைக்காது. அதனால் எங்களுக்கு வேண்டிய பத்துப் பதினைந்து சொற்களின் எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதி மேசை மேல் ஒட்டியிருக்கிறோம்.

தமிழ் எழுத்துக்கு ஆங்கிலச் சட்டை போட்டு அனுப்புவது எனக்கு இன்னும் பிடிக்கவில்லைதான். இரண்டு பக்கமும் புது மென்பொருள் என்றால் தமிழ்ப் பெயரே ஒழுங்காகப் போகிறது. அந்தப் பக்கம் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரிவதில்லையே. ஆகவே முழுத் தமிழ்த் தலைப்பை பி.டி.எஃப். முதல் வரியிலும் மெயிலின் உள்ளேயும் போட்டுவிடுகிறேன். போனில் இருந்து தமிழ்ப் பெயரோடு உறுப்பினர்கள் அனுப்புவதை நிறுத்த முடியவில்லை. அவற்றை ஆடிட்டருக்குத் தள்ளிவிடும் முன் நானே பெயர் மாற்றிக்கொள்கிறேன்.