இங்க்ஸ்கேப்பில் நான்கு போஸ்டர்: மூன்றாண்டு அனுபவம்

துறைக் கண்காட்சிக்குப் போஸ்டர் செய்ய இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் சரிப்படுமா என்று இளைய ஆய்வாளர் ஒருவர் போன வாரம் கேட்டார். சரிப்படும் என்று சொல்லிவிட்டுக் காரைக்குடியில் பஸ் ஏறினேன். வீடு வந்த பிறகுதான் கோபம் ஏறியது. மூன்று ஆண்டுகளில் நான்கு போஸ்டர் செய்திருக்கிறேன். முதலாவதில் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல், செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சைப் பற்றியது. பதினோரு படங்களில் பத்தைத் தள்ளிவிட்டு, ஒரே ஒரு எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவு வரைபடத்தை முதல் போஸ்டரின் நடுவில் வைத்தேன். 29.4 டிகிரியில் சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட்டின் முகடு ஓங்கி நிற்கும். புதுச் சுண்ணாம்பு காட்டும் 18 டிகிரி முகடு இருக்காது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக் கல்லாகிவிட்டது என்பதை அந்த ஒரு படமே சொல்லிவிடும். இயலில் 8 செ.மீ. அகலமிருந்த படம் போஸ்டரில் 40 செ.மீ. ஆனது. SVG கோப்பாக வைத்திருந்ததால் ஒரு கோடுகூட மங்கவில்லை. 300 dpi படமாக ஒட்டியிருந்தால் 60 dpi ஆகிப் பல்லிளித்திருக்கும். இதற்காக இங்க்ஸ்கேப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் புகழ்வேன்.

வினை பக்க அளவில் தொடங்கியது. நான் A0 தாளுக்கு, அதாவது 84.1 × 118.9 செ.மீ.க்கு அடுக்கியிருந்தேன். பிளெக்ஸ் அச்சிடும் கடையில் எல்லாமே அடிக் கணக்கு: மூன்றுக்கு நான்கு. PDF-ஐத் தங்கள் மென்பொருளில் திறந்து, அந்த அளவுக்கு இழுத்து நிரப்பிவிட்டார்கள். வட்டங்கள் முட்டையாயின. என் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாததால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று தமிழ் பிரிந்தது. 'சுண்ணாம்பு' பிழைத்துக்கொண்டது, 'கொத்தனார்' சிதறிப்போனார். கண்காட்சிக்கு வந்திருந்த ஆத்தங்குடிப் பெரியவர், "கொத்தனாரை ஏன் தம்பி உடைத்துப் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவரும் கொத்தனார்.

மருந்து எளியது. `Document Properties` பகுதியில் பக்கத்தை முதலிலேயே 36 × 48 அங்குலமாக வைத்துவிட்டால், கடையில் இழுக்க வேலை இருக்காது. PDF ஆகச் சேமிக்கும்போது `Convert text to paths` என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் வெறும் வடிவங்களாகிவிடும். எந்தக் கணினியாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. நடந்ததா என்று பார்க்க, PDF-இல் தலைப்பின் மேல் மவுஸை இழுத்தால் போதும். எழுத்துகள் தேர்வானால் இன்னும் மாறவில்லை என்று பொருள். மூலக் கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்கும், பிழை திருத்தலாம். இது தெரியாமல் இரண்டாவது போஸ்டரில் மூலக் கோப்பையே `Object to Path` கொடுத்து மாற்றிச் சேமித்துவிட்டு, ஓர் ஒற்றுப் பிழைக்காக ஒரு பத்தி முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்தேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், ஐந்தாவது போஸ்டரை இதில் செய்யப்போவதில்லை. அந்த `Convert text to paths` தேர்வை என் கண்ணில் படும்படி வைக்க இங்க்ஸ்கேப்புக்கு என்ன கேடு? இளையவர் தாராளமாகப் பயன்படுத்தட்டும். 36 × 48 அங்குலத்தில் வெற்றுக் கோப்பு ஒன்று என்னிடம் தயாராக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளலாம்.